பித்தப்பை ஆபரேஷன்: வெட்டுவதற்கு முன் சர்ஜன் தேடும் அந்த முக்கோணம் எது? ஏன் அவ்வளவு கவனம்?

பித்தப்பையில் கல் என்றால் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். நான்கு சின்னத் துளைகள், ஒரு மணி நேரம், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீடு. பலருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கத்தரி வைப்பது சில நொடிகள் மட்டுமே. மீதி நேரத்தில் பெரும்பகுதி எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று கண்டுபிடிப்பதில்தான் போகிறது. அந்தத் தேடல் நடக்கும் இடம் கல்லீரலுக்கு அடியில் உள்ள ஒரு சின்ன முக்கோணம்.

அந்த முக்கோணத்தில் என்ன இருக்கிறது? அங்கே தவறு நடந்தால் என்ன ஆகும்? அதை எப்படித் தவிர்க்கிறார்கள்? ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

'கல்லை மட்டும் எடுத்துட்டா போதாதா?'

பெரிய காஞ்சிபுரத்தில் ராஜ வீதிகளுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில் வசிக்கும் 46 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பட்டுத் தறியில் உட்காருகிறார். இவர் தார் சுற்றுகிறார். ஒரு கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்த ராத்திரி, வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொண்டது. வலி முதுகைச் சுற்றி வலது தோள்பட்டை வரைக்கும் போனது. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டார். இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. அடுத்த மாதம் மறுபடியும் அதே வலி.

ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பைக்குள் பல கற்கள் தெரிந்தன. பையின் சுவர் தடிக்கவில்லை. பொதுப் பித்தநாளத்தின் அகலம் 4 மில்லிமீட்டர், அதாவது இயல்பான அளவு. ரத்தத்தில் பிலிரூபினும் சரியாக இருந்தது. மஞ்சள் காமாலை இல்லை.

"கல்லை மட்டும் எடுத்துட்டா போதாதா டாக்டர்? பையை ஏன் எடுக்கணும்?" என்பது இந்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் கேட்கும் கேள்வி.

"கல்லு தானா வரலைம்மா. அந்தப் பைதான் கல்லை உண்டாக்குது. கல்லை எடுத்துட்டுப் பையை விட்டா, திரும்பவும் கல்லு வரும்" என்பதுதான் டாக்டரின் பதில்.

பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். பித்தப்பையின் வேலை அதைச் சேர்த்துவைப்பது மட்டும்தான். பையை எடுத்த பிறகு பித்தநீர் கல்லீரலில் இருந்து நேராகக் குடலுக்குப் போகும். அதனால் பித்தப்பை இல்லாமல் ஒருவர் நன்றாகவே வாழலாம். ஆனால் அந்தப் பையை ஒட்டியே ஓடும் பித்தநாளம் இல்லாமல் வாழ முடியாது. சிக்கல் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

குழாய்கள் எப்படி ஓடுகின்றன?

கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கல்லீரலின் வலது பாதியில் இருந்து ஒரு குழாய், இடது பாதியில் இருந்து ஒரு குழாய் என இரண்டு வெளியே வருகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே குழாயாகிக் கீழே இறங்குகிறது. இதற்குப் பொதுக் கல்லீரல் நாளம் என்று பெயர்.

கல்லீரலின் அடிப்பக்கத்தில், வலது பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது பித்தப்பை. ஒரு சின்ன கத்தரிக்காய் போன்ற வடிவம். நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். உள்ளே 30 முதல் 50 மில்லி வரை பித்தநீர் பிடிக்கும். இதன் கழுத்துப் பகுதி மெலிந்து, ஒரு சின்னக் குழாயாக மாறுகிறது. இதுதான் பித்தப்பை நாளம். டாக்டர்கள் சிஸ்டிக் டக்ட் என்பார்கள். பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான்.

இந்தச் சின்னக் குழாய், மேலிருந்து இறங்கும் பொதுக் கல்லீரல் நாளத்தில் பக்கவாட்டில் போய்ச் சேர்கிறது. சேர்ந்த இடத்துக்குக் கீழே அதே குழாய்க்குப் பொதுப் பித்தநாளம் என்று பெயர் மாறுகிறது. அது கணையத்தின் தலைப்பகுதி வழியாக இறங்கி முன்சிறுகுடலில் திறக்கிறது.

ஒரு மெயின் ரோடு, அதில் பக்கத்தில் இருந்து வந்து சேரும் ஒரு சந்து என்று நினைத்தால் சுலபம். மெயின் ரோடு கல்லீரலில் இருந்து குடலுக்குப் போகிறது. சந்து பித்தப்பையில் இருந்து வருகிறது. ஆபரேஷனில் சந்தை மட்டும்தான் மூட வேண்டும். மெயின் ரோட்டில் கை வைக்கவே கூடாது.

அந்த முக்கோணம் எங்கே இருக்கிறது?

மெயின் ரோடும் சந்தும் சந்திக்கும் இடத்துக்கு மேலே, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அதுதான் ஹெப்பட்டோசிஸ்டிக் முக்கோணம். இதன் ஒரு பக்கம் பித்தப்பை நாளமும் பித்தப்பையின் கழுத்தும். உள்பக்கம் பொதுக் கல்லீரல் நாளம். மேல் பக்கம் கல்லீரலின் கீழ் விளிம்பு.

ஆபரேஷன் தியேட்டர்களில் இதைக் கலோ முக்கோணம் என்றும் சொல்வார்கள். 1891-ல் தன் ஆய்வேட்டில் இந்த இடத்தை விவரித்த பிரெஞ்சு டாக்டர் ழான் பிரான்சுவா கலோவின் பெயர் அது. அவர் சொன்ன முக்கோணம் இதைவிடச் சிறியது. மேல் எல்லையாக அவர் குறித்தது கல்லீரலை அல்ல, பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை. இன்று சர்ஜன்கள் சுத்தம் செய்து பார்ப்பது கல்லீரல் விளிம்பு வரைக்கும் உள்ள பெரிய முக்கோணம்.

இதற்குள்தான் அந்தத் தமனி இருக்கிறது. சிஸ்டிக் ஆர்ட்டரி என்ற பித்தப்பைத் தமனி. பெரும்பாலானவர்களுக்கு இது வலது கல்லீரல் தமனியில் இருந்து கிளையாகப் பிரிந்து, முக்கோணத்தைக் கடந்து, பித்தப்பையின் கழுத்துக்கு வருகிறது. பிறகு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து பை மேல் படர்கிறது. தமனிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நிணநீர்க் கணு இருக்கும். பித்தப்பை வீங்கும்போது அதுவும் வீங்கிப் பெரிதாகும். அந்தக் கணு தெரிந்தால், தமனி பக்கத்தில்தான் இருக்கிறது என்று சர்ஜனுக்கு ஒரு அடையாளம்.

ஆக, பித்தப்பையைக் கழற்ற வெட்ட வேண்டியவை இரண்டே இரண்டு. பித்தப்பை நாளம் ஒன்று, பித்தப்பைத் தமனி ஒன்று. படத்தில் பார்த்தால் இது ரொம்ப சுலபம். வயிற்றுக்குள் அப்படி இல்லை. முக்கோணம் முழுக்கக் கொழுப்பு மூடியிருக்கும். மேலே ஒரு சவ்வு போர்த்தியிருக்கும். அடிக்கடி வீங்கி ஆறிய பை என்றால், எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய் எது குழாய், எது தழும்பு என்றே தெரியாது.

தவறு எப்படி நடக்கிறது?

இங்கே நடக்கக்கூடிய பெரிய விபத்து ஒன்றுதான். மெயின் ரோட்டைச் சந்து என்று நினைத்து வெட்டிவிடுவது.

லேப்ராஸ்கோப்பியில் உதவி டாக்டர் பித்தப்பையின் நுனியைப் பிடித்து, கல்லீரலுக்கு மேலே வலது தோள்பட்டை திசையில் தள்ளிப் பிடிப்பார். அப்போதுதான் அடிப்பகுதி தெரியும். கூடவே பையின் கழுத்தையும் அதே திசையில் மேலே இழுத்தால் ஒரு விபரீதம் நடக்கும். கோணத்தில் இருக்க வேண்டிய பித்தப்பை நாளம் நிமிர்ந்து, பொதுப் பித்தநாளத்தோடு ஒரே கோட்டில் வந்துவிடும். நடுவில் இருந்த முக்கோணம் மூடிக்கொள்ளும். திரையில் பார்த்தால், பித்தப்பையில் இருந்து ஒரே குழாய் நேராகக் கீழே இறங்குவது போலத் தெரியும். 'இதுதான் சந்து' என்று கண் சொல்லும்.

அதை நம்பி கிளிப் போட்டு வெட்டினால், வெட்டுப்படுவது பொதுப் பித்தநாளம். அதோடு முடிவதில்லை. பையைக் கழற்ற மேலே போகும்போது பொதுக் கல்லீரல் நாளம் குறுக்கே வரும். அதையும் ஏதோ கூடுதல் குழாய் என்று நினைத்து வெட்டிவிடும் ஆபத்து உண்டு. பக்கத்தில் ஓடும் வலது கல்லீரல் தமனியும் சில நேரம் சேர்ந்து போய்விடும்.

2003-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் வே தலைமையிலான குழு, இப்படி நடந்த 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்தது. அவற்றில் 97 சதவீதத்துக்கு மூல காரணம் கைத்திறன் குறைவு அல்ல, கண் ஏமாந்தது என்று அந்தக் குழு சொன்னது. பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்ட பிறகு, கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. தப்பான குழாயை நேர்த்தியாக வெட்டியிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கண் ஏமாந்தவருக்குத் தான் ஏமாந்தது தெரியாது. அதனால்தான் 'இன்னும் கவனமாகப் பாருங்கள்' என்ற அறிவுரை மட்டும் இங்கே போதாது. கண்ணை நம்பாத ஒரு சோதனை முறை தேவைப்பட்டது.

வெட்டுவதற்கு முன் மூன்று நிபந்தனைகள்

அமெரிக்க சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவரது சக டாக்டர்களும் 1995-ல் அப்படி ஒரு முறையை முன்வைத்தார்கள். தமிழில் 'பாதுகாப்புக்கான தீர்மானப் பார்வை' என்று சொல்லலாம். மூன்று நிபந்தனைகளும் நிறைவேறும் வரை எந்தக் குழாயிலும் கிளிப் போடக் கூடாது, கத்தரி வைக்கக் கூடாது.

ஒன்று, முக்கோணத்தில் உள்ள கொழுப்பு, சவ்வு, நார்த்திசு எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தமாக்க வேண்டும். பொதுப் பித்தநாளத்தைத் தோண்டித் தேட வேண்டிய அவசியம் இல்லை. தேடவும் கூடாது.

இரண்டு, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலில் இருந்து பிரித்து, பை ஒட்டியிருந்த அடித்தளம் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும்.

மூன்று, அதன் பிறகு பித்தப்பைக்குள் போகும் அமைப்புகள் இரண்டே இரண்டு என்று தெரிய வேண்டும். ஒன்று நாளம், இன்னொன்று தமனி. மூன்றாவதாக எதுவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனை ஏன் என்று கேள்வி வரலாம். பையின் அடிப்பகுதியைக் கல்லீரலில் இருந்து பிரித்துவிட்டால், முக்கோணம் ஒரு ஜன்னல் போலத் திறந்துகொள்ளும். இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அந்தப் பக்கம் கல்லீரல் தெரியும். மெயின் ரோட்டை இங்கே பித்தப்பை நாளம் என்று தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், அந்த ஜன்னலைத் திறக்கவே முடியாது. அது கல்லீரலுக்குள் போய் முட்டி நிற்கும். அதாவது, தப்பான பாதையில் போனால் இந்தச் சோதனை தானாகவே வழிமறிக்கும்.

தறிக்காரர்கள் வேலையில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. பாவில் ஒரு இழை அறுந்தால், கைக்குக் கிடைத்த நுனியை உடனே முடிய மாட்டார்கள். அந்த இழை எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இரண்டு பக்கமும் பிரித்துப் பார்த்த பிறகுதான் முடிச்சு விழும். சர்ஜன் செய்வதும் அதுதான். குழாயை அதன் நிறத்தையோ தடிமனையோ வைத்து அடையாளம் காண்பதில்லை. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வைத்தே அடையாளம் காண்கிறார்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது என்ன?

நம் உதாரணப் பெண்ணின் ஆபரேஷனுக்கே வருவோம். மயக்க மருந்து கொடுத்த பிறகு, தொப்புள் அருகே முதல் துளை. அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். கேமரா உள்ளே போகிறது. மேல் வயிற்றின் நடுவில் ஒன்று, வலது விலாவுக்குக் கீழே இரண்டு என மேலும் மூன்று துளைகள். டேபிளைத் தலைப்பக்கம் உயர்த்தி இடது பக்கம் சாய்க்கிறார்கள். குடல் விலகி இறங்கி, கல்லீரலின் அடிப்பக்கம் தெரிகிறது.

உதவி டாக்டர் பையின் நுனியை மேலே தள்ளிப் பிடிக்கிறார். சர்ஜன் கழுத்தைப் பிடித்து, மேலே அல்ல, வலது பக்கமாகவும் கீழ்நோக்கியும் இழுக்கிறார். இந்த எதிர்த் திசை இழுப்பில்தான் முக்கோணம் விரிகிறது.

அடுத்து ஒரு எல்லைக்கோடு. பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலின் வலது மடலின் அடியில் ஒரு பிளவு தெரியும். ரூவியே பிளவு என்று பெயர். பொதுப் பித்தநாளம் பெரும்பாலும் இந்தப் பிளவின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அதனால் அந்த மட்டத்துக்கு மேலே, பையை ஒட்டியே வேலை செய்வது பாதுகாப்பு. கருவி அந்த மட்டத்துக்குக் கீழே போனால், ஆபத்தான பகுதிக்குள் போகிறோம் என்று அர்த்தம்.

முதலில் பையின் பின்பக்கச் சவ்வு, பிறகு முன்பக்கச் சவ்வு, பிறகு கொழுப்பு. ஒவ்வொன்றாக விலக்குகிறார். மூன்று நிபந்தனையும் நிறைவேறியதும் முன்பக்கம் இருந்து ஒரு முறை, பையைத் திருப்பிப் பின்பக்கம் இருந்து ஒரு முறை கேமராவில் காட்டிப் பார்க்கிறார். பல டாக்டர்கள் இந்த இடத்தில் கையை நிறுத்தி, "ரெண்டுதானே தெரியுது?" என்று உதவி டாக்டரையும் கேட்பார்கள். அந்தக் காட்சியைப் படமாகப் பதிவு செய்வதும் உண்டு.

அதன் பிறகுதான் கிளிப். உடம்பில் தங்கும் பக்கம் பொதுவாக இரண்டு, பை பக்கம் ஒன்று. நடுவில் வெட்டு. மீதியுள்ள பையைக் கல்லீரலில் இருந்து பிரித்து, ஒரு சின்ன உறையில் போட்டுத் துளை வழியாக வெளியே எடுக்கிறார்கள்.

தமனியில் என்ன சிக்கல்?

எல்லோருக்கும் தமனி புத்தகத்தில் உள்ள படம் மாதிரியே ஓடுவதில்லை. சிலருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு பித்தப்பைத் தமனிகள் இருக்கும். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால், பையைப் பிரிக்கும்போது திடீரென்று ரத்தம் கொட்டும்.

இதைவிட ஆபத்தானது இன்னொரு வகை. சிலருக்கு வலது கல்லீரல் தமனியே முக்கோணத்துக்குள் வளைந்து வந்து, பித்தப்பைக்கு மிக அருகில் ஒரு திருப்பம் போட்டுவிட்டுக் கல்லீரலுக்குள் போகும். கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்கி நகர்வது போன்ற வளைவு. அதில் இருந்து கிளம்பும் பித்தப்பைத் தமனி மிகக் குட்டையாக இருக்கும். அவசரத்தில் பார்த்தால், கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியே பித்தப்பைத் தமனி போலத் தெரியும். எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக ஒரு தமனி கண்ணில் பட்டால், அது பித்தப்பையில் முடிகிறதா, தாண்டிக் கல்லீரலுக்குள் போகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ரத்தம் கசிந்தால் முதல் வேலை கிளிப் போடுவது அல்ல. சின்ன காஸ் துணியையோ பித்தப்பையையோ வைத்து அந்த இடத்தை அழுத்திப் பிடிப்பது. சில நிமிடங்கள் பொறுத்து, ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, எங்கே இருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப். ரத்தக் குளத்துக்குள் கண்மூடித்தனமாகப் போடும் கிளிப் பித்தநாளத்தைப் பிடித்த சம்பவங்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு.

மூன்று நிபந்தனையும் நிறைவேறவில்லை என்றால்?

கடுமையான வீக்கம் உள்ளவர்களுக்கு முக்கோணம் கல் போல இறுகிப் போயிருக்கலாம். எவ்வளவு நேரம் முயன்றாலும் இரண்டு அமைப்புகளும் தனியாகத் தெரியாது. அப்போது பிடிவாதமாக முன்னேறுவதுதான் பெரிய ஆபத்து.

அந்தச் சமயத்தில் சர்ஜனுக்கு வேறு வழிகள் உண்டு. அனுபவம் உள்ள இன்னொரு சர்ஜனைத் தியேட்டருக்குள் கூப்பிடலாம். நாளத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பாதையைப் பார்க்கலாம். வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறைக்கு மாறலாம். ஆனால் திறந்தாலும் இறுகிய முக்கோணம் இறுகியதுதான். அதனால் இன்று அதிகம் சொல்லப்படும் வழி, பித்தப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, கற்களையும் நீக்கிவிட்டு, கழுத்துப் பகுதியை அப்படியே விட்டுவிடுவது. முக்கோணத்தைத் தொடாமலேயே வெளியே வந்துவிடலாம்.

"டாக்டர், பையை முழுசா எடுக்கலையாமே?" என்று குடும்பத்தார் பதறுவது இந்த இடத்தில்தான். அது தோல்வி அல்ல. மெயின் ரோட்டைக் காப்பாற்றுவதற்காக, தெரிந்தே எடுத்த முடிவு. விட்டுவைத்த பகுதியில் பின்னாளில் கல் வரவோ, சில நாட்கள் பித்தநீர் கசியவோ வாய்ப்பு உண்டு. ஆனால் அவற்றைச் சரிசெய்வது, வெட்டுப்பட்ட பித்தநாளத்தைச் சரிசெய்வதைவிடச் சுலபம்.

பித்தநாளம் வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? ஒரு பிரதமரின் கதை

இது உலக அரசியலிலேயே பேசப்பட்ட விஷயம். பிரிட்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆண்டனி ஈடனுக்கு 1953 ஏப்ரல் 12 அன்று லண்டனில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. லேப்ராஸ்கோப்பி வருவதற்கு முந்தைய காலம், வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். அதில் அவருடைய பித்தநாளம் சேதமடைந்தது. அதே மாதம் இரண்டாவது ஆபரேஷன். அதிலும் சரியாகவில்லை.

ஜூன் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கொண்டுபோனார்கள். பித்தநாளச் சீரமைப்பில் பெயர்பெற்ற ரிச்சர்ட் கேட்டல் மூன்றாவது ஆபரேஷன் செய்தார். ஈடன் பிழைத்தார். 1955-ல் பிரதமரும் ஆனார். ஆனால் பித்தப்பாதையில் கிருமித் தொற்றும் காய்ச்சலும் அவ்வப்போது திரும்பி வந்தன. 1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி உச்சத்தில் இருந்த அக்டோபர் மாதத்திலும் கடும் காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்தார். 1957 ஜனவரியில் உடல்நிலையைக் காரணம் சொல்லிப் பதவி விலகினார். அதே ஆண்டு மறுபடியும் பாஸ்டனில் ஆபரேஷன்.

பித்தநாளக் காயம் ஒரு நாளில் முடிகிற பிரச்சினை இல்லை என்பதை ஈடனின் கதை காட்டுகிறது. சீரமைத்த இடம் பல வருடம் கழித்துச் சுருங்கலாம். பித்தநீர் தேங்கினால் தொற்று வரும், கல்லீரல் கெடும். இன்றும் பெரிய காயம் என்றால், சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு நேரடியாக இணைக்கிறார்கள்.

நிம்மதி தரும் விஷயம், இது அரிதானது. லேப்ராஸ்கோப்பியில் பெரிய பித்தநாளக் காயம் ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்கு நடப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பித்தநாளக் காயம் பல நேரம் ஆபரேஷன் டேபிளிலேயே தெரிவதில்லை. சில நாள் கழித்து வீட்டில்தான் தெரியும். அதனால் குடும்பத்தாரின் கண் இங்கே முக்கியம்.

இயல்பாக என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. துளை போட்ட இடத்தில் வலி இருக்கும். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் தோள்பட்டை வலிக்கும். இவை ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வர வேண்டும். 'நேத்தைவிட இன்னிக்குப் பரவால்ல' என்று நோயாளி சொன்னால் சரியான பாதையில் போகிறார்.

நாளுக்கு நாள் வலி அதிகமாவது, வயிறு உப்புவது, காய்ச்சல், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் மஞ்சளாகி மலம் வெளிறிப்போவது, குழாய் வைத்திருந்தால் அதில் பச்சை மஞ்சளாகப் பித்தநீர் வருவது. இவற்றில் எது வந்தாலும் கேஸ் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பாதி கதையைச் சொல்லிவிடும். பித்தநாளங்களை மட்டும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மீதியைச் சொல்லும்.

காயம் என்று உறுதியானால், அதைச் சரிசெய்யும் முதல் முயற்சி இந்தத் துறையில் பழக்கம் உள்ளவர் கையில் நடப்பது நல்லது. காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி மருத்துவமனையிலும் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறைகள் இருக்கின்றன.

ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

நம் உதாரணப் பெண்ணைப் போல ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். "உள்ள சரியா தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்பது ஒன்று. 'திறந்து செய்வேன்', 'ஒரு பகுதியை விட்டுவிடுவேன்', 'சீனியரைக் கூப்பிடுவேன்' என்று தெளிவான பதில் வந்தால், அவர் அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்துவைத்திருக்கிறார்.

"அடிக்கடி வலி வருது, தள்ளிப்போடலாமா?" என்பது இன்னொன்று. ஒவ்வொரு முறை பை வீங்கி ஆறும்போதும் முக்கோணத்தில் ஒரு தழும்பு விழுகிறது. வீக்கம் இல்லாத பையில் சில நிமிடங்களில் திறக்கும் அந்த ஜன்னல், நான்கைந்து முறை வீங்கிய பையில் திறக்காமலே போகலாம். வலி வந்து போகிற கல்லை, 'இந்த முறை தானா சரியாயிடுச்சே' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட டாக்டர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பெண்ணின் ஸ்கேனில் பையின் சுவர் தடிக்கவில்லை. வலி வந்தது இரண்டே முறை. அதாவது, அவருடைய முக்கோணம் இப்போதைக்குத் தழும்பில்லாமல் சுத்தமாக இருக்கவே அதிக வாய்ப்பு. ஆபரேஷனுக்கு இதுதான் நல்ல நேரம்.